கணக்கு டீச்சரை வழியனுப்பிய கதை

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். 2022-இல் தமிழகம் முழுக்க 13,331 காலியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களை எடுத்துக்கொள்ள அனுமதி வந்தது. அப்போதுதான் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் ஆள் எடுப்பது எங்கள் பள்ளிக்கும் பழக்கமானது. எடுப்பதற்குச் சுற்றறிக்கை, தீர்மானம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் உண்டு. அனுப்புவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் தடவை மோசமாகச் செய்தேன்.

அது சமூக அறிவியல் டீச்சர். ஏப்ரலில் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. “ஜூன்ல பாத்துக்கலாம் டீச்சர்” என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன், ஆனால் அதைவிடக் கெட்ட வாக்கியம் இந்த வேலையில் கிடையாது. மாறுதல் கலந்தாய்வில் அந்த இடத்துக்கு நிரந்தர ஆசிரியர் வந்துவிட்டார். பள்ளி திறந்த அன்று காலை இந்த டீச்சர் புதுச் சேலை, சாப்பாட்டுப் பையோடு வந்து, ஒன்பதாம் வகுப்பு வாசலில் இன்னொருவர் வருகைப் பதிவேட்டோடு நிற்பதைப் பார்த்தார். என் அறைக்குக்கூட வரவில்லை. நேராக கேட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்து கணக்குக்கு ஒருவரை எடுத்தபோது அந்தக் காலை என் மனதில் இருந்தது. அவருடைய பணி நியமனக் கடிதத்திலேயே நிரந்தர ஆசிரியர் வரும்வரை அல்லது கல்வியாண்டு முடியும்வரை, இரண்டில் எது முன்னதோ அதுவரைதான் பணி என்று இருந்தது. கையெழுத்து போடும்போது எல்லோரும் அதைப் படிப்பார்கள். பத்து மாதம் வகுப்பெடுத்த பிறகு யாருக்கு நினைவிருக்கும்? கடிதத்தில் இருக்கிறதே என்று நாம் சும்மா இருந்துவிடக் கூடாது.

எப்போது சொல்வது என்பதில்தான் எனக்குக் குழப்பம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் சொன்னால் மனது உடைந்து பாடத்தில் ஆர்வம் போய்விடும், தேர்வு முடிந்து சொல்லுங்கள் என்றார் உதவித் தலைமையாசிரியர். யோசித்துப் பார்த்தேன். எங்கள் சுற்றுவட்டாரத்துத் தனியார் பள்ளிகள் அடுத்த வருடத்துக்கு ஆள் எடுப்பது மார்ச், ஏப்ரலில். மே மாதம் போனால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். நம் பிள்ளைகளின் தேர்வுக்காக அவருடைய அடுத்த வருடத்தை அடமானம் வைப்பது நியாயமாகப் படவில்லை. பிப்ரவரி கடைசி வாரத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

மதிய இடைவேளையில், கதவைச் சாத்தாமல், ஆனால் யாரும் இல்லாத நேரத்தில். ஸ்டாஃப் ரூமில் வைத்துச் சொல்லக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

“டீச்சர், ஏப்ரல் கடைசி வேலை நாளோட உங்க பணி முடியுது. ஜூன்ல இந்த இடம் காலியா இருக்குமான்னு எனக்குத் தெரியாது. இருந்தாலும் மறுபடி எடுக்க அனுமதி வரணும், குழு தீர்மானம் போடணும். அதனால வேற இடம் பாருங்க. இன்டர்வியூன்னா ஒரு நாள் முன்னாடி சொல்லுங்க, பீரியடை நான் மாத்திக்கிறேன்.”

கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “என் க்ளாஸ்ல ஏதாவது குறையா சார்?” என்றார். நான் எதிர்பார்க்காத கேள்வி. பணியிடத்தின் கணக்கு வேறு, அவருடைய வேலையின் கணக்கு வேறு என்பது எனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? குறை இல்லை என்று பொதுவாகச் சொன்னால் நம்ப மாட்டார் என்று பட்டது. காலாண்டில் கணக்கில் தோற்ற பதினோரு பேரில் அரையாண்டில் எட்டுப் பேரைத் தேற்றியது அவர்தான் என்பதை மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து காட்டித்தான் சொன்னேன். அப்போதுதான் முகம் தெளிந்தது.

வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. மறுநாளே இரண்டு வரியில் ஒரு கடிதம் கொடுத்து, அலுவலக நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கினேன். மார்ச் மாத மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பொருளாக வைத்துத் தீர்மானப் பதிவேட்டிலும் ஏற்றினோம். இது இல்லாவிட்டால் பின்னால் யாராவது, “ஹெச்.எம். வேண்டாதவங்களை அனுப்பிட்டாரு” என்று கிளப்புவார்கள். கூட்டத்தில் ஒரு பெற்றோர் எழுந்து, அந்த டீச்சரையே வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அவர் கேட்டதையும் தீர்மானத்தில் ஒரு வரியாக எழுதச் சொன்னேன்.

உதவித் தலைமையாசிரியர் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. டீச்சர் இரண்டு நாள் அமைதியாக இருந்தார், அவ்வளவுதான். மார்ச்சில் ஒரே ஒரு நாள் இன்டர்வியூவுக்குப் போய் வந்தார்.

அடுத்து சான்றிதழ். பணி அனுபவச் சான்றை ஊருக்கெல்லாம் ஒரே வார்ப்பில் கொடுப்பது வழக்கம்: “இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை பணிபுரிந்தார், நடத்தை நன்று.” அதை வைத்துக்கொண்டு எந்தத் தாளாளர் என்ன தெரிந்துகொள்வார்? ஒன்பது, பத்து வகுப்புகளுக்குக் கணிதம் எடுத்தார், மெல்லக் கற்போருக்கு மாலை வகுப்பு நடத்தினார், அவர்களில் இத்தனை பேர் தேறினர் என்று நடந்ததை மட்டும் எழுதினேன். மேலலுவலர் மேலொப்பம் வேண்டுமென்றால் கடைசி நாளுக்குப் பின் அவர் அலைய வேண்டியிருக்கும். அதனால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே வரைவைக் கொடுத்து, பெயரின் தலைப்பெழுத்து, பட்டத்தின் பெயர் எல்லாம் சரிதானா என்று பார்க்கச் சொன்னேன். தலைப்பெழுத்து தப்பாகத்தான் இருந்தது.

கடைசி நாள் பொறுப்பு ஒப்படைப்பு. மதிப்பெண் பதிவேடு, விடைத்தாள் கட்டு, நூலகப் புத்தகம் மூன்று, வடிவியல் பெட்டி ஒன்று. எல்லாவற்றையும் வரிசையாக எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்டோம். விடுவிப்பு ஆணையில் ‘பிற்பகல்’ என்று போட்டேன். சின்ன விஷயம்தான், ஆனால் ‘முற்பகல்’ என்று போய்விட்டால் அந்த ஒரு நாள் மதிப்பூதியம் போச்சு. மாதம் பதினைந்தாயிரம் வாங்குகிறவருக்கு அது ஐந்நூறு ரூபாய். ஏப்ரல் மாதத்துக்கான வருகைச் சான்றையும் அன்றே அனுப்பிவிட்டு, நிதி வரத் தாமதமாகும், ஜூன்கூட ஆகலாம் என்பதையும் சொன்னேன். வங்கிக் கணக்கை மூடிவிட வேண்டாம் என்றேன், சிரித்தார்.

பாராட்டு விழாவெல்லாம் வைக்கவில்லை. பொன்னாடை, மைக் என்றால் எனக்கே கூச்சம். பிள்ளைகள் காசு வசூலித்துப் பரிசு வாங்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். காலை வழிபாட்டில் மூன்று நிமிடம் பேசினேன். மாலை வகுப்பில் படித்த ஒரு பையன் முன்னால் வந்து, “டீச்சர் எனக்கு மைனஸ் குறி எங்க தப்பு பண்றேன்னு காட்டுனாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வரிசைக்கு ஓடிவிட்டான்.

சாயந்தரம் கிளம்பும்போது டீச்சர் ஒரு இருநூறு பக்க நோட்டை மேசையில் வைத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். இவன் பின்னம் வந்தால் தடுமாறுவான், இவள் காரணிப்படுத்தலில் கடைசி வரியை விட்டுவிடுவாள் என்று தேதி போட்டு எழுதியிருந்தார். “ஜூன்ல யாரு வர்றாங்களோ அவங்ககிட்ட குடுத்துடுங்க சார்” என்றார்.

ஒப்படைப்புப் பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்து, இன்னொரு தடவை இருவரும் கையெழுத்திட்டோம்.