எருசலேமில் ஒரு விடியற்காலை: நான் கேட்ட கேள்விக்குப் பெரியவர் ஏன் பதில் சொல்லவில்லை?

முதலில் அந்த டாக்சிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. ஜூலை மாதம், வியாழக்கிழமை, காலை நாலரை மணி. டிராம் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. யூதர்களின் புனிதத் தலமான மேற்குச் சுவரில் சூரிய உதயத்தை ஒட்டி நடக்கும் தொழுகையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று கிளம்பிவிட்டேன். மீட்டர் போடுங்கள் என்றால், "இந்த நேரத்தில் மீட்டர் கிடையாது, தொண்ணூறு ஷெக்கல்" என்கிறார். நம்ம காசில் இரண்டாயிரத்துக்கு மேல்! பத்து நிமிஷப் பயணம். டிராமில் போயிருந்தால் இதில் பத்தில் ஒரு பங்கோடு முடிந்திருக்கும். அன்றைய மதியச் சாப்பாட்டுப் பட்ஜெட் அங்கேயே காலி.

பாதுகாப்புச் சோதனை, தலைக்கு ஒரு இலவசக் குல்லா, ஆண்கள் பகுதி. வெளிச்சம் வருவதற்கு முன்பே முந்நூறு பேராவது இருப்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாடிப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எவிடெயா நாடு, மோனே?" என்றார். தூக்கிவாரிப் போட்டது. கொச்சியில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இஸ்ரேலுக்குக் குடியேறியவராம். அவர் மலையாளமும் என் தமிழும் சேர்ந்து எப்படியோ வண்டி ஓடியது. பேரனுக்கு அடுத்த வாரம் பதின்மூன்று வயது நிறைகிறது, தொழுகைக் கடமைகள் தொடங்கும் வயது, பழக்குவதற்காகக் கூட்டி வந்திருக்கிறேன் என்றார்.

பிறகு எழுந்து ஒரு வெல்வெட் பையைத் திறந்தார். மேலே மடித்து வைத்திருந்தது தல்லித், அதாவது தொழுகைச் சால்வை. அதை இரு கையாலும் விரித்துப் பிடித்து, போர்த்துவதற்கு முன்னால், நின்றபடியே ஆசிமொழியைச் சொன்னார். கடைசிச் சொற்கள் "லெஹித்அதேஃப் பத்ஸித்ஸித்". எங்கள் கடவுளே, உலகின் அரசரே, உமக்குப் புகழ். குஞ்சங்கள் உள்ள ஆடையால் போர்த்திக்கொள்ளும்படி எங்களுக்குக் கட்டளை தந்தீர் என்று பொருள். சால்வையை அணியச் சொல்லவில்லை, போர்த்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. அதனால் தோளில் துண்டு போடுகிற மாதிரி போட்டுவிட்டால் போதாது. தலையோடு மூடி, நுனிகளை இடத்தோளுக்குப் பின்னால் வீசிவிட்டு, நாலு முழம் நடக்கிற நேரம் அப்படியே நிற்கிறார்கள். அப்புறம்தான் தோளுக்கு இறக்குகிறார்கள். பெரியவர் முகம் முழுக்கத் துணிக்குள் போய்விட்டது. நாலு மூலையிலும் தொங்கிய குஞ்சங்கள்தான் இந்தச் சால்வையின் உயிர். அவை அறுந்துபோனால் இது வெறும் துணி.

அடுத்து தெஃபில்லின். கறுப்புத் தோலில் சின்னச் சதுரப் பெட்டிகள் இரண்டு, நீளமான வார்களோடு. ஒன்று கைக்கு, ஒன்று தலைக்கு. உள்ளே யூத வேதமான தோராவின் நான்கு பகுதிகளைக் கையால் எழுதிய தோல் சுருள்கள். கைப்பெட்டியில் நான்கும் ஒரே சுருளில். தலைப்பெட்டியில் நான்கு அறை, அறைக்கு ஒரு சுருள். ஓர் எழுத்து அழிந்தாலும் பெட்டி செல்லாது.

பெரியவர் வலக்கைக்காரர், அதனால் இடது கை. சட்டைக் கையை மேலே ஏற்றி, மேல்கைச் சதையின் மீது பெட்டியை வைத்து, இதயத்தைப் பார்க்கும்படி லேசாக உள்பக்கம் சாய்த்தார். வைத்தாரே தவிர இறுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் "லெஹனீயஹ் தெஃபில்லின்" என்று முடியும் ஆசிமொழி. சொல்லி முடித்த கையோடு வாரைச் சுண்டி இறுக்கி, முன்கையில் ஏழு சுற்று சுற்றினார்.

நம்ம வாய் சும்மா இருக்குமா? "ஏன் ஐயா ஏழு சுற்று?" என்றேன்.

பதில் இல்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஒற்றை விரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார். சுருக்கென்றது. இவ்வளவு நேரம் பாசமாகப் பேசிய மனுஷன்! தலைப்பெட்டியை உச்சியை நோக்கித் தள்ளி, முன்முடி முளைக்கும் கோட்டுக்கு மேலே, இரண்டு கண்ணுக்கும் நடுவாக வைத்தார். பின்கழுத்துக்கு மேல், மண்டை எலும்பு முடியும் பள்ளத்தில் முடிச்சு உட்கார்ந்தது. சட்டைப்பையிலிருந்து உள்ளங்கை அளவுக் கண்ணாடியை எடுத்துச் சரிபார்த்தார். கடைசியாக வாரின் மிச்சத்தை நடுவிரலில் மூன்று சுற்று, மோதிரம் மாதிரி. அப்போது சொல்வது ஓசேயா நூலின் வரி: "என்றென்றைக்கும் உன்னை எனக்கு நிச்சயம் செய்துகொள்வேன்."

எல்லாம் முடிந்த பிறகு என் பக்கம் திரும்பினார். "கைக்கும் தலைக்கும் நடுவில் பேசக் கூடாது, மோனே. கையில் கட்டும்போது சொன்ன ஆசிமொழி தலைக்கும் சேர்த்துத்தான். நடுவில் பேசினால் அந்த இழை அறுந்துவிடும்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏழு சுற்றுக்குக் காரணம் என்ன என்று அதன்பின் கேட்கவே இல்லை.

பக்கத்தில் நின்றவர் கிழக்கு ஐரோப்பிய வழி யூதர், அஷ்கெனாஸி. அவர் வாரை உள்நோக்கிச் சுற்றினார். பெரியவர் வெளிநோக்கிச் சுற்றியிருந்தார். அந்த அஷ்கெனாஸிக்காரர் தலைப்பெட்டியை இறுக்குவதற்கு முன் இரண்டாவதாக ஓர் ஆசிமொழியும் சொன்னார்: "அல் மித்ஸ்வத் தெஃபில்லின்". உடனே தாழ்ந்த குரலில் இன்னொரு வரி. அது என்ன என்று பெரியவரைக் கேட்டேன். இரண்டாவது ஆசிமொழி தேவைதானா என்பதே அவர்களுக்குள் பழைய சந்தேகமாம். தேவையில்லாவிட்டால் கடவுள் பெயரை வீணாகச் சொன்னதாக ஆகிவிடும். அதனால் "அவருடைய மாட்சிமிக்க ஆட்சியின் பெயர் என்றென்றும் போற்றப்படுவதாக" என்று சேர்த்துக்கொள்கிறார்களாம். சந்தேகத்தையும் தீர்க்காமல், வழக்கத்தையும் விடாமல், அழகான ஏற்பாடு! பெரியவர் செஃபார்தி, அதாவது ஸ்பெயின் வழி யூதர்களின் முறைக்காரர். "எங்களுக்கு ஒன்றே போதும்," என்றார், கொஞ்சம் பெருமையோடு.

அந்தப் பெருமை ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. பேரன் முறை வந்தது. கைப்பெட்டியை வைத்தான், ஆசிமொழி சொன்னான், இறுக்கினான், சுற்றினான். போன் பிடித்து நின்ற அவன் அண்ணன் என்னவோ கேட்க, பையன் "ஓகே" என்றுவிட்டான். ஒரே ஒரு சொல்தான். பெரியவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்படியானால் முதலிலிருந்து எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டுமோ என்று நினைத்தேன். இல்லை. தலைக்கான ஆசிமொழியைத் தனியாகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஆக, செஃபார்திப் பையன் அன்று அஷ்கெனாஸிக்காரர் மாதிரி இரண்டு ஆசிமொழி சொன்னான். பக்கத்து அஷ்கெனாஸிக்காரர் சிரித்ததைப் பெரியவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

பையன் செய்த இன்னொரு தப்பு, தலைப்பெட்டியை நெற்றியில் இறக்கி வைத்தது. பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது, ஆனால் செல்லாது. பெட்டியின் கீழ் விளிம்புகூட முடிக்கோட்டைத் தாண்டி நெற்றிக்கு வரக்கூடாதாம். தாத்தா விரலால் மேலே தள்ளி, கண்ணாடியை அவன் கையில் கொடுத்தார். புத்தம்புது ஜோடி அது. விலையைக் கேட்டுவிட்டு என் பயணச் செலவுக் கணக்கோடு ஒப்பிட்டேன், வயிற்றைக் கலக்கியது. டாக்சிக்காரர்மீது இருந்த கோபம்கூடக் கொஞ்சம் குறைந்தது.

ஒரு ஓரத்தில் மேசை போட்டு, வருகிறவர்களை "நீங்கள் யூதரா?" என்று கேட்டு, ஆமென்றால் தெஃபில்லின் கட்டிவிடுகிறார்கள். என்னையும் கேட்டார்கள். இல்லை என்றதும் சிரித்து நகர்ந்துவிட்டார்கள். யூதரல்லாதவர் ஆசைக்கு வாங்கிக் கட்டிப் பார்க்கிற பொருள் இல்லை இது, அதனால் போகிறவர்கள் கேட்காதீர்கள். வெள்ளி மாலைமுதல் சனி இரவுவரை போகாதீர்கள். அன்று தெஃபில்லின் கட்டமாட்டார்கள், போட்டோ எடுக்கவும் விடமாட்டார்கள்.

தொழுகை முடிந்து கழற்றும்போது எல்லாம் தலைகீழ்: விரல் சுற்று, பிறகு தலை, கடைசியில் கை. பையன் அவசரமாகச் சால்வையை அடியில் திணித்து, பெட்டிகளை மேலே போட்டுப் பையை மூடினான். பெரியவர் மறுபடி திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். முதலில் அணிவது சால்வை. நாளைக்குக் கையில் பெட்டி முதலில் தட்டுப்பட்டால், கைக்கு வந்த கடமையைத் தாண்டிப் போகக் கூடாது என்பது விதி, வரிசையே குழம்பிவிடும். பெட்டிகளை அடியில் வைத்தார், சால்வையை மேலே வைத்தார். ஜிப்பை மட்டும் பேரனையே இழுக்கச் சொன்னார்.