வாப்பாவின் 70 கிராம்: ரமலான் சமையலறைக் குறிப்புகள்

மார்ச் 2, 2025, ஞாயிறு. பிறை 1

வாப்பாவுக்கு வயது 66, எடை 60 கிலோ. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கையூன்ற வேண்டியிருக்கிறது. தொடைச் சதை குறைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி, தினமும் 70 கிராம் புரதம் சாப்பிடச் சொன்னார். பொதுவாகப் பெரியவர்களுக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் போதும் என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு. வயதானவர்களுக்குச் சதை கரையாமல் இருக்க 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பார்கள். அந்த வழியில் வந்ததுதான் இந்த 70. சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்த பிறகே இதைச் சொன்னார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

மற்ற நாளில் நாலு வேளையில் பிரித்துக் கொடுத்துவிடலாம். இப்போது விடியலுக்கு முன் சஹர், மாலையில் நோன்பு திறப்பு என்று இரண்டே வேளை. இன்று எதையும் மாற்றாமல் அவர் சாப்பிட்டதை மட்டும் எழுதி வைத்தேன். சஹரில் சோறு, கத்தரிக்காய், ஒரு கிண்ணம் தயிர், வாழைப்பழம்: 12 கிராம். நோன்பு திறந்து கஞ்சி இரண்டு டம்ளர், வடை இரண்டு, சமோசா, அப்புறம் இடியாப்பமும் கோழிக்கறி ஒரு துண்டும்: 34 கிராம். மொத்தம் 46. வயிறு நிறைந்துதான் இரவு தராவீஹ் தொழுகைக்குப் போனார். ஆனாலும் 24 கிராம் குறைகிறது.

மார்ச் 4, செவ்வாய். பிறை 3

இன்று கஞ்சியைப் பார்த்தேன். உம்மா வைப்பது அரிசி 400 கிராம், பாசிப்பருப்பு 100 கிராம், கொத்துக்கறி 150 கிராம், தேங்காய்ப்பால். அரிசியில் 30 கிராம் புரதம், பருப்பில் 24, கறியில் 30. தேங்காய்ப்பாலில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆக பானை முழுக்க 84 கிராம். 14 டம்ளர் வருகிறது, அப்படியென்றால் டம்ளருக்கு 6 கிராம். இரண்டு டம்ளர் குடித்தால் 12 கிராம்தான் சேரும், வயிறோ முக்கால்வாசி நிரம்பிவிடும். அதன் பிறகு கறி எப்படி இறங்கும்?

கஞ்சியை நிறுத்துவது பற்றிப் பேச்சே இல்லை. அது இல்லாமல் எங்களுக்கு நோன்பு திறந்த மாதிரியே இருக்காது. உம்மாவிடம் அளவை மட்டும் மாற்றிக் கேட்டேன்: அரிசி 300, பாசிப்பருப்பு 200, கொத்துக்கறி 250. இப்போது பானையில் 120 கிராம், டம்ளருக்கு எட்டரை. பருப்பு கூடியதால் ஆற ஆறக் கெட்டியாகிறது, வெந்நீர் கொஞ்சம் கூட ஊற்ற வேண்டியிருந்தது. இஞ்சி, பூண்டு, வெந்தயம் எல்லாம் பழைய அளவுதான். வாப்பா குடித்துவிட்டு, "இன்னிக்குக் கறி நிறையப் போட்டிருக்கியா?" என்றார். உம்மாவுக்கு அதிலேயே சந்தோஷம்.

மார்ச் 7, வெள்ளி. பிறை 6

குறைச்சல் உண்மையில் இருப்பது சஹரில். எல்லாரும் இஃப்தாருக்குத்தான் யோசித்துச் சமைக்கிறோம், சஹருக்கு மிச்சம் மீதி. அந்த 12 கிராமை அப்படியே விட்டால் மாலையில் ஒரே மூச்சில் 58 கிராம் சாப்பிட வேண்டும், அது அவர் வயதில் நடக்காது. சதைக்கும் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதே நல்லது. வயதானவர்களுக்கு ஒரு வேளையில் 25, 30 கிராமாவது சேர்ந்தால்தான் சதை கட்டும் வேலை நன்றாக நடக்கும் என்கிறார்கள்.

"விடியக்காலைல கறியெல்லாம் எறங்காதும்மா" என்று வாப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் கறியை விட்டுவிட்டேன். சோறு பாதி, அவித்த முட்டை இரண்டு, தயிர் 200 கிராம், டீக்குப் பதில் ஒரு டம்ளர் பால். சோற்றில் 4, முட்டையில் 12, தயிரில் 7, பாலில் 6 கிட்டத்தட்ட. 29 கிராம் ஆகிவிட்டது, சமைக்க வேண்டியதும் ஒன்றுமில்லை. முட்டையை இரவே அவித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

கருவாடு வேண்டாம். புரதம் நிறைய உண்டுதான், ஆனால் அந்த உப்புக்கு மதியம் லுஹர் தொழுகைக்கு முன்பே நாக்கு வறண்டுவிடும். ஊறுகாயும் அப்படித்தான். கொண்டைக்கடலையும் சஹருக்கு ஒத்துவரவில்லை, காலை முழுக்க வயிறு உப்பிக் கிடந்தார். அதை நோன்பு திறந்த பிறகு கொடுத்தால் ஒன்றும் செய்வதில்லை.

மார்ச் 11, செவ்வாய். பிறை 10

ராத்தா போன் செய்து, "மீல்மேக்கர்ல 52 கிராம்னு பாக்கெட்ல போட்டிருக்கே, அதையே ஒரு கிண்ணம் குடுத்தா முடிஞ்சுதே" என்றாள். அந்த 52 காய்ந்த உருண்டை 100 கிராமுக்கு. வெந்நீரில் ஊறினால் எடை சுமார் மூன்று மடங்காகும், ஊறிய 100 கிராமில் 17, 18 தான் இருக்கும். ஒரு கிண்ணத்துக்குக் காய்ந்த உருண்டை 25 கிராம் போட்டால் 13 கிராம் புரதம். நல்ல அளவுதான், ஆனால் 52 இல்லை.

கோழியில் இது தலைகீழ். வேகும்போது நீர் வற்றிவிடுவதால் வெந்த கறியில் 100 கிராமுக்கு 26 வரை உண்டு, பச்சைக் கறியில் 20 தான். எலும்பையும் கழிக்க வேண்டும். கடையில் எலும்போடு அரைக்கிலோ வாங்கினால் சதை 330 கிராம் போல வரும், புரதம் 65. நாங்கள் நாலு பேர், ஆளுக்கு 16 கிராம். அதனால் இப்போது முக்கால் கிலோ வாங்குகிறோம், ஆளுக்கு 24 வருகிறது. தட்டில் சரிபார்க்க ஒரு அடையாளம்: நடுத்தரமான ஒரு கால் துண்டுக்கு 12 கிராம்.

மார்ச் 15, சனி. பிறை 14

சொந்தக்காரர் வீட்டு இஃப்தார். பஜ்ஜி, சமோசா, கட்லெட், ரோஸ்மில்க், அப்புறம் பிரியாணி. வாப்பா பிரியாணிக்கு வருவதற்குள் நிரம்பிவிட்டார். கறித்துண்டு தட்டிலேயே கிடந்தது.

வீட்டில் வரிசையையே மாற்றிவிட்டோம். பாங்கு சொன்னதும் பேரீச்சை, தண்ணீர், கஞ்சி ஒரே டம்ளர். மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும் முதலில் கறியோ மீனோ, அதன் பிறகே இடியாப்பம். வடை ஆசைப்பட்டால் கடைசியில் ஒன்று.

மார்ச் 21, வெள்ளி. பிறை 20

இரண்டு நாளாக மலச்சிக்கல். சிறுநீரும் மாலையில் அடர் மஞ்சளாகப் போகிறது என்றார். முட்டையும் கறியும் கூடிய இடத்தில் காய்கறி குறைந்துவிட்டது, தண்ணீரும் பழைய அளவிலேயே நிற்கிறது. புரதம் கூடினால் அதன் கழிவை வெளியேற்றத் தண்ணீரும் கூட வேண்டும். ஒரே மடக்கில் குடித்தால் அப்படியே வெளியே போய்விடும். அதனால் மஃரிபிலிருந்து தூங்கும் வரை மணிக்கு ஒரு டம்ளர், சஹரில் இரண்டு. சஹர் தயிரில் வெள்ளரிக்காய் துருவிப் போட்டேன், இரவு கீரையும் கொய்யாவும்.

மார்ச் 25, செவ்வாய். பிறை 24

வயிறு சரியாகிவிட்டது. இன்றைய கணக்கை ராத்தாவுக்கும் அனுப்பினேன். சஹர் 29. கஞ்சி ஒரு டம்ளர் எட்டரை, கால் துண்டு இரண்டு 24, சுண்டல் அரைக் கிண்ணம் 5, இடியாப்பம் இரண்டு 3. மொத்தம் 69.5. கோழி இல்லாத நாளில் அதே இடத்தில் சதைப்பற்றான மீன் இரண்டு பெரிய துண்டு, முள் போக 100 கிராமுக்குக் குறையாமல்.

பெருநாளுக்குப் பிறகு காலை, மதியம், இரவு என்று வேளை கூடும். ஆனாலும் காலையில் அந்த இரண்டு முட்டை தொடரட்டும் என்று வாப்பாவே உம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.