அத்தைக்கும் அக்கா மகனுக்கும் ஏற்ற லூடோ: இதுவரை செய்தவை

மன்னார்குடி வீட்டில் லூடோ விரித்தால் இரண்டு பேர் ஒதுங்கிவிடுவார்கள். அத்தைக்கு முடக்குவாதம், விரல் மூட்டுகள் வீங்கி லேசாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருக்கின்றன. அக்கா மகனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. இரண்டு பேரும் உட்கார்ந்து ஆடுகிற மாதிரி ஒரு பலகை வேண்டும், அதுவும் அவர்களுக்கென்று தனியாக இல்லாமல் எல்லோரும் ஆடுகிற ஒரே பலகையாக இருக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

முதலில் நிறம். பையனுக்கு என்ன தெரிகிறது என்று புரிந்துகொள்ள ஆண்ட்ராய்டு போனில் ஒரு வழி இருக்கிறது. Developer options உள்ளே Simulate color space என்று ஒன்று உண்டு. அதில் சிவப்பு-பச்சைக் குறைபாட்டில் ஒரு வகையான Deuteranomaly தேர்ந்தெடுத்துவிட்டு, கேமராவைத் திறந்து பலகையைப் பார்த்தேன். நீலம் தனியாக நின்றது. மஞ்சளும் பரவாயில்லை. சிவப்பு வீடும் பச்சை வீடும் மட்டும் ஒரே மாதிரியான காவி கலந்த பழுப்பாகிவிட்டன. அச்சடித்தவர்கள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் அடித்திருந்ததால் வெளிச்ச வித்தியாசத்தை வைத்துக்கூடப் பிரிக்க முடியவில்லை. இரண்டு பேர் மட்டும் ஆடுவதென்றால் நீலத்தையும் மஞ்சளையும் எடுத்துக்கொண்டால் போதும், எந்த வேலையும் வேண்டாம். நாலு பேர் என்றால்தான் சிக்கல்.

நிறத்தை மாற்றிப் பார்க்கலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். ஆனால் நம் தாயக்கட்டத்தில் நிறமே கிடையாது. ஒருவருக்குப் புளியங்கொட்டை, ஒருவருக்கு வளையல் துண்டு, இன்னொருவருக்குக் கூழாங்கல். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடும்போது யாருக்கும் காய் மாறிப்போனதில்லை. அதே வழிதான் இங்கேயும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் கொடுத்தேன்: புள்ளி, இரட்டைக் கோடு, கூட்டல், வளையம். காயின் தலையில் மட்டும் போட்டால் பாதி வேலைதான். மையத்துக்குப் போகிற ஐந்து கட்டங்களிலும், காய் இறங்குகிற கட்டத்திலும் அதே அடையாளம் இருக்க வேண்டும். பையன் தடுமாறியது காயில் இல்லை, எந்தச் சந்தில் திரும்புவது என்பதில்தான். அப்புறம் ஒரு விதி: ஆட்டத்தில் யாரும் நிறத்தைச் சொல்லக் கூடாது. “சிவப்பை வெட்டு” என்று கத்தினால் அவன் தேட ஆரம்பித்துவிடுகிறான். “கூட்டலை வெட்டு” என்றால் கை நேராகப் போகிறது.

அத்தை விஷயத்தில்தான் நிறைய நேரம் போனது. கடையில் வாங்கிய பலகையில் ஒரு கட்டம் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. அந்தக் காயைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்க வேண்டும். முடக்குவாதக் கைக்கு அந்தக் கிள்ளல்தான் மிகவும் வலிக்கிற வேலை. பெரிய சார்ட் தாளில் 3.5 சென்டிமீட்டர் கட்டம் போட்டேன். 15 கட்டத்துக்கு 52.5 சென்டிமீட்டர், ஒரே தாளில் அடங்கிவிடுகிறது.

காய்க்கு முதலில் தண்ணீர் பாட்டில் மூடிகளை வைத்து, எடுக்காமல் தள்ளி ஆடலாம் என்று பார்த்தோம். அத்தையின் பிசியோதெரபிஸ்ட் ஒன்று சொல்லியிருந்தார்: எதைத் தள்ளினாலும் விரல்கள் சுண்டுவிரல் பக்கம் இன்னும் சாய்கிற மாதிரி தள்ளக் கூடாது. வலது கையென்றால் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தை வைத்து வலப்புறமாகத் தள்ளலாம். கட்டைவிரல் பக்கத்தால் இடப்புறம் தள்ளினால் காயின் எதிர்ப்பு விரல்களைச் சாய்க்கிறது. லூடோவில் காய் பலகையைச் சுற்றி வருகிறது, அதனால் பாதி நேரம் தப்பான பக்கம்தான் தள்ள வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, தள்ளுகிற வழியில் நிற்கிற காய்கள் எல்லாம் இடம் மாறின. யாருடையது எங்கே நின்றது என்று ஒவ்வொரு சுற்றிலும் பஞ்சாயத்து. தள்ளும் யோசனையை விட்டேன்.

இப்போது இருப்பது காந்தக் கோல். காய், பன்னீர் சோடா பாட்டிலின் தகர மூடி. அகலம் சுமார் 3.2 சென்டிமீட்டர், கட்டத்துக்குள் சரியாக உட்காரும். அடியில் மெழுகு உருக்கி ஊற்றினால் ஆடாமல் நிற்கும், பல் ஓரமும் கீறாது. தலையில் வெள்ளை நகப்பூச்சால் அடையாளம். கோலின் கைப்பிடிக்கு நெட்டி. தஞ்சாவூரில் பெரிய கோயில் உருவம் செதுக்குவார்களே, அதே குளத்து நெட்டிதான். எடையே தெரியாது, தடிமனாக இருப்பதால் விரலை இறுக்கி மடக்காமலே பிடிக்க முடிகிறது. நடுவில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சி சொருகி, மேலே துணி நாடா சுற்றிவிட்டேன். சுற்றாவிட்டால் நெட்டி நசுங்கிவிடும்.

காந்தம் பிடிப்பது எளிது, விடுவதுதான் கஷ்டம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் மூடியை விடவே இல்லை, அத்தை மணிக்கட்டைத் திருக வேண்டியிருந்தது. காந்தத்தின் முகத்தில் நாடாவை அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டே போனேன். இடைவெளி கொஞ்சம் கூடினாலே இழுப்பு வேகமாகக் குறையும். மூடியைத் தூக்கும், ஆனால் கோலை லேசாகச் சாய்த்தால் விழுந்துவிடும் என்கிற நிலை வந்ததும் நிறுத்தினேன். காந்தத்தை நன்றாகப் பசை போட்டு ஒட்டுவது முக்கியம். கழன்று விழுந்து சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிட்டால் ஆபத்து.

இதில் எதிர்பாராத ஒன்று வந்தது. ஒரே கட்டத்தில் இரண்டு காய் சேர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று வைக்க வேண்டும். கோலால் தொட்டால் சில நேரம் மேலே உள்ளது மட்டும் வரும், சில நேரம் இரண்டும் சேர்ந்து வரும். சில வீடுகளில் ஆடுகிற ஜோடி விதியை எடுத்துக்கொண்டோம்: சேர்ந்த காய்கள் ஜோடியாகவே நகரும், இரட்டைப்படை விழுந்தால் அதில் பாதிக் கட்டம். நாலு விழுந்தால் இரண்டு. ஒற்றைப்படைக்கு ஜோடி நகராது. ஒற்றைக் காய் ஜோடியை வெட்ட முடியாது. இரண்டும் ஒரே கட்டத்துக்குத்தான் போகின்றன, அதனால் கோலில் ஒன்று வந்தாலும் இரண்டும் வந்தாலும் கவலையில்லை. ஆட்டமும் இதனால் சூடு பிடித்தது.

பகடையைக் கையில் குலுக்கவே வேண்டாம். மூடி இறுக்கமான, வட்டமான கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பெரிய பகடை ஒன்றைப் போட்டு மூடிவிட்டேன். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பிடித்துக் கவிழ்த்தால் போதும். சதுர டப்பா வேண்டாம், மூலையில் பகடை சாய்ந்து நிற்கும்.

கடைசியாக ஆட்டத்தின் நீளம். ஒரு காய் இறங்கிய கட்டத்திலிருந்து பழம் ஆக 56 கட்டம் நகர வேண்டும். பகடையின் சராசரி 3.5, ஆகவே ஒரு காய்க்கே சுமார் 16 வீச்சு. நாலு காய்க்கு 64, ஆறு விழக் காத்திருப்பதும் வெட்டுப்படுவதும் தனி. அவ்வளவு முறை டப்பாவைக் கவிழ்த்தால் அத்தைக்கு மணிக்கட்டு போய்விடும். அதனால் ஆளுக்கு இரண்டு காய்தான். ஒன்று தொடக்கத்திலேயே வெளியே நிற்கும். மற்றது ஆறுக்கும் இறங்கும், ஒன்றுக்கும் இறங்கும். வாய்ப்பு ஆறில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றாகிறது. இந்தச் சலுகை எல்லோருக்கும் ஒன்றுதான். அத்தைக்கு மட்டும் என்று சொன்னபோது, “எனக்கென்னடா தனியா?” என்று டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்.

காலையில் ஆடுவதில்லை. எழுந்ததும் அவர் விரல்கள் வெகுநேரம் விறைப்பாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல்தான் மடங்கும். அப்படியும் கை வராத நாளில் “வளையம், மூலையில நிக்கிறது, மூணு” என்று அவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் நகர்த்தலாம். சொன்னதுதான் ஆட்டம், நகர்த்துகிறவர் யோசனை சொல்லக் கூடாது.

இனி பார்க்க வேண்டியது சார்ட் தாள். ஐப்பசி ஈரத்தில் அது சுருண்டு மூடிகள் சரிகின்றன. ஒட்டுப்பலகையில் ஒட்டி, மேலே தடித்த பிளாஸ்டிக் தாள் போட்டுப் பார்க்கப் போகிறேன்.