வாக்குமூலக் கேள்வி: சத்தத்துக்கு முன்னா, பின்னா?

போன கிழமை சட்டப் பரீட்சைப் பெறுபேறு வந்தது, ஆவணங்கள் எழுதும் வரைவுத் தாள் இரண்டாவது தடவையில்தான் சித்தி. முதல் தடவை என்னை விழுத்தியது வாக்குமூலத்தை ஒழுங்குபடுத்தும் கேள்வி: சாட்சி சொன்னதை நேர வரிசையில் போட்டு, அவர் கண்ட உண்மைகளை அவருடைய எண்ணங்களிலிருந்தும் கேள்விப்பட்டவற்றிலிருந்தும் பிரிக்க வேண்டும். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இரண்டாவது தடவைக்கு நானே வெள்ளவத்தைக் கடைக்காரர் ஒருவர் சொல்வதுபோல் ஒன்றை எழுதிப் பழகினேன்:

"ஓட்டோக்காரர்மேல் பிழையில்லை. வான் பயங்கர வேகத்தில் வந்து அடித்தது. வான் சாரதி நல்ல வெறி, இறங்கும்போதே தள்ளாடினார். நான் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டுத் திரும்பினேன். எட்டு மணிச் செய்தி தொடங்கிக் கொஞ்ச நேரம். வான் சிவப்பு விளக்கில் நிற்கவில்லை என்று பூக்கடைத் தம்பி சொன்னார்."

நேர வரிசையில் போடுங்கள். செய்தி தொடங்கியது, ஷட்டரை இறக்கினார், சத்தம் கேட்டது, திரும்பினார், சாரதி தள்ளாடி இறங்கினார். இப்போது பாருங்கள், திரும்பியது சத்தத்துக்குப் பிறகு. அப்படியென்றால் வான் வந்த வேகத்தையோ மோதியதையோ அவர் பார்த்திருக்க முடியாது. முதல் தடவை இதேபோன்ற ஒரு வரியை நான் உண்மைகள் பகுதியில் முதலாவதாகவே எழுதினேன், ஏனென்றால் சாட்சி அதைத்தான் அடித்துச் சொல்லியிருந்தார். வரிசைப்படுத்துவதும் பிரிப்பதும் இரண்டு வேலை என்று நினைத்ததுதான் என் பிழை. வரிசை சரியாக விழுந்தால் ஊகம் தானாகவே வெளியே வந்து நிற்கும்.

ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த நேரம் அவருடைய கண் எங்கே இருந்தது?

அப்புறம் இவை:

- "எட்டு மணிச் செய்தி தொடங்கிக் கொஞ்ச நேரம்" என்றால் அப்படியே எழுதுங்கள். 8.05 என்று எழுதினால் அது உங்கள் நேரம், சாட்சியுடையது அல்ல.
- "வெறி" அவருடைய எண்ணம், தள்ளாடியது அவர் கண்டது. மோதலில் அடிபட்டவரும் தள்ளாடுவார். மது மணம் வந்ததாக அவர் சொல்லவில்லை, நீங்களும் சேர்க்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வியாகத் தனியே குறியுங்கள்.
- "பிழையில்லை" என்பது தீர்ப்பு. எண்ணங்கள் பகுதிக்குப் போகும். வெட்டி எறியாதீர்கள், பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தோடு ஒப்பிடும்போது அது தேவைப்படலாம்.

பூக்கடைத் தம்பியின் வரியில்தான் பலர் குழம்புகிறார்கள். தம்பி அப்படிச் சொன்னதைக் கடைக்காரர் காதால் கேட்டார், அது மட்டும்தான் இவருடைய உண்மை. வான் நிற்கவில்லை என்பதற்கு இவர் சாட்சியில்லை. கண்ணால் காணக்கூடிய விஷயத்தைக் கண்டவரே சொல்ல வேண்டும் என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. நான் அதைக் கேள்விப்பட்டவை என்ற தலைப்பில் எழுதி, பக்கத்தில் "பூக்கடை இளைஞரிடம் தனி வாக்குமூலம் எடுக்க வேண்டும்" என்று ஒரு வரி போட்டேன். பரீட்சையில் வந்த சாட்சியும் இன்னொருவர் சொன்னதைச் சொல்லியிருந்தார், அங்கேயும் இதையேதான் செய்தேன்.