பில்லைக் கொடுத்துப் பணம் வாங்கியபோது நான் போட்ட கணக்கு

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை என்னுடையது. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருந்தும், எங்கள் பெரிய வாடிக்கையாளர் 60 நாளில்தான் தருவார். வார்ப்பு வாங்கப் பணம் இல்லாத ஒரு மாதம், அவர் மீதான 10 லட்ச ரூபாய் பில்லை ஒரு நிதி நிறுவனத்திடம் கொடுத்தேன்.

நிறுவனத்திலிருந்து வந்தவர், "மாதம் ஒன்றரை வட்டிதான், வருடத்துக்குப் பதினெட்டு" என்றார். பில் தொகையில் 80 சதவீதம் முன்பணம், மீதி 2 லட்சம் வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகு. சேவைக் கட்டணம் 1 சதவீதம்.

வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது 7,66,000 ரூபாய். எட்டு லட்சத்தை எதிர்பார்த்தவனுக்கு அது பகீர் என்றது. அன்றிரவு அவர்கள் தந்த விவரத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன்பணத்துக்கு இரண்டு மாத வட்டி 24,000. கட்டணம் 10,000. இரண்டையும் முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். கட்டணத்தைக் கணக்கிட்டது முழு 10 லட்சத்துக்கு. கையில் வராத 2 லட்சத்துக்கும் நான் கட்டணம் கட்டியிருக்கிறேன்! கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டி தனி. அது உள்ளீட்டு வரியாகத் திரும்பிவிடும் என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

ஆக, 34,000 ரூபாய் செலவழித்து 7,66,000 ரூபாயை 60 நாள் பயன்படுத்தினேன். வகுத்தால் 4.44 சதவீதம். அதை 365/60 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 27 சதவீதம். இதையே அடுத்தடுத்த பில்களுக்கும் வருடம் முழுக்கத் தொடர்ந்தால், கூட்டு வட்டிக் கணக்கில் 30 சதவீதத்தைத் தொடுகிறது. பதினெட்டு என்ற பேச்சில் கட்டணமும் இல்லை, முன்கூட்டியே பிடித்ததும் இல்லை.

இன்னொன்றும் அன்று புரிந்தது. கட்டணம் நாள் பார்ப்பதில்லை. இதே நிபந்தனையில் 90 நாள் பில் என்றால் செலவு ஆண்டுக்கு ஏறக்குறைய 25 சதவீதம், 30 நாள் பில் என்றால் 34. சீக்கிரம் பணம் தரும் வாடிக்கையாளரின் பில்லைக் கொடுப்பதுதான் நமக்கு அதிக நஷ்டம். வட்டித் தொகை குறைவாகத் தெரிவதால் எளிதில் ஏமாந்துவிடுகிறோம்.

அறுபதாம் நாள் வாடிக்கையாளர் 9,62,000 ரூபாய்தான் கட்டினார். தரச் சோதனையில் கழித்த உருப்படிகளுக்காக 38,000 பிடித்திருந்தார். அது நிறுத்திவைத்த 2 லட்சத்திலிருந்துதான் போனது. எனக்குத் திரும்பியது 1,62,000. கட்டணமோ 10 லட்சத்துக்கே நின்றது.

அடுத்த பில்லுக்கு முன்பே பேசினேன். கட்டணத்தை முன்பணத்துக்கு மட்டும் போடச் சொன்னதில் 8,000 ஆயிற்று. 60 நாளுக்கு ஆண்டுச் செலவு 25.3 சதவீதமாக இறங்கியது. வங்கியில் 12 சதவீதத்தில் இருக்கும் ஓவர்டிராஃப்ட் வரம்பு தீர்ந்த பிறகுதான் இப்போது பில்லை எடுத்துச் செல்கிறேன், அதுவும் 60 நாளுக்குக் குறையாத பில்லை மட்டும்.