இன்னும் பதினாலு மணி நேரம்

"இறக்க வேண்டாங்க சார். இன்னும் பதினாலு மணி நேரந்தான். முடிச்சிட்டு அடுத்ததை ஏத்திக்கலாம்."

ஸ்பார்க் மெஷின் ஓட்டும் அண்ணன் சொன்னது இவ்வளவுதான். நான் முதலாளியின் அறையிலிருந்து நேராக அங்கே வந்திருந்தேன். "முதலாளி சொல்லிட்டார் அண்ணே, இறக்கிடுங்க" என்றேன். அவர் மறுபேச்சு பேசவில்லை. டேங்கில் எண்ணெயை வடித்து, கிளாம்ப்பைக் கழற்றினார்.

பிளாஸ்டிக் பொருள்களுக்கான மோல்டு செய்யும் எங்கள் டூல் ரூமில் மில்லிங் சென்டர் இரண்டு, டிசைனுக்கு இரண்டு பேர், மின்பொறியால் எஃகை அரித்துக் குடையும் ஸ்பார்க் மெஷின் ஒன்றே ஒன்று. அந்த வாரம் மூன்று மோல்டுகள் அதன் வாசலில் ஒன்றாக வந்து நின்றன. மெஷினில் இருந்தது கிரைண்டர் மூடிக்கான கேவிட்டி, அதாவது மூடிக்கு வடிவம் கொடுக்கும் குழிவான எஃகு பிளாக். சின்ன வாடிக்கையாளர், முன்பணம் முழுவதும் கொடுத்தவர். இறக்கச் சொன்னது கார் உதிரிபாகக் கம்பெனியின் கனெக்டர் மோல்டுக்காக. அவர்கள் கொடுக்கும் வேலையில்தான் எங்கள் பாதிச் சம்பளம் ஓடுகிறது. அவர்கள் ஃபோன் செய்தால் முதலாளி எழுந்து நின்று பேசுவார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

கணக்கை அன்றைக்கே போட்டிருக்கலாம். கனெக்டருக்கு 22 மணி நேர வேலை. ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றி, டயல் வைத்து நேர் பார்த்து, சென்டர் எடுக்க 3 மணி நேரம். அண்ணன் சொன்னபடி விட்டிருந்தால் மூடி 14 மணி நேரத்திலும் கனெக்டர் 39 மணி நேரத்திலும் முடிந்திருக்கும். நான் மாற்றியதால் கனெக்டர் 25 மணி நேரத்தில் முடிந்தது. மூடிக்கு மறுபடியும் 3 மணி நேர செட்டிங், அப்புறம் மிச்சமிருந்த 14. ஆக 42. ஒருவருக்கு 14 மணி நேரம் மிச்சம் பிடிக்க இன்னொருவரிடம் 28 மணி நேரம் எடுத்திருக்கிறேன்.

அதோடு போகவில்லை. மூடியின் ரிப்களுக்கான மெல்லிய பள்ளங்களில், முரட்டாக அரிக்கும் ரஃப் முடிந்து, வழவழப்பாக்கும் ஃபினிஷ் மட்டும் பாக்கி இருந்தது. திரும்ப ஏற்றியபோது பிளாக் பழைய இடத்தில் அப்படியே உட்காரவில்லை. வித்தியாசம் 0.06 மி.மீ. தலைமுடி அளவுதான், ஆனால் ஃபினிஷுக்கு நாங்கள் விட்டிருந்ததே கொஞ்சம். ஒரு பக்கச் சுவரில் ரஃப் குழிகள் அழியாமல் நின்றுவிட்டன. அவ்வளவு குறுகலான ரிப்பில் கல்லை விட்டுத் தேய்க்கவும் முடியாது. முதல் ட்ரையலில் மூடி கேவிட்டியிலேயே பிடித்துக்கொண்டது. பள்ளத்தை அகலப்படுத்திச் சரிசெய்ய இரண்டு நாள் போனது.

கனெக்டர்? மோல்டில் பக்கவாட்டில் நகரும் துண்டுகளான அதன் ஸ்லைடர்கள் வெளியே ஹீட் ட்ரீட்மென்ட்டில் இருந்தன. அவை வராமல் மோல்டைச் சேர்க்க முடியாது. கேவிட்டி இரண்டு நாள் மேசை மேல் துணி போர்த்திக் கிடந்தது.

இதுதான் இன்னும் உறுத்துகிறது. "இது முடிந்ததும் அடுத்து என்ன, அது தயாரா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஸ்லைடர் வரவில்லை என்று முதலாளியிடம் சொல்லியிருந்தால் அவரே விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். சில நாள் வேறு மாதிரியும் தோன்றுகிறது. அந்தக் கம்பெனிக்காரர் மறுநாள் நேரில் வந்தார். மெஷினில் அவர்களுடைய வேலை ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அதற்கு ஒரு விலை உண்டுதானே?

அப்புறம் யோசித்தால், தவறு அந்த மெஷின் முன்னால் நடந்ததே இல்லை. மூன்று ஆர்டரையும் ஒரே வாரத்தில் வாங்கி, டிசைன் சும்மா இருக்கிறதே என்று மூன்றையும் ஒன்றாகத் தொடங்கிவிட்டோம். ஸ்பார்க் மெஷினில் என்றைக்கு இடம் கிடைக்கும் என்று பார்த்து ஒவ்வொன்றையும் தள்ளித் தொடங்கியிருந்தால் அந்த மோதலே வந்திருக்காது. போர்டில் ஏழு மோல்டில் ஐந்துக்குச் சிவப்பு அட்டை தொங்கியது. ஐந்தும் அவசரம் என்றால் அட்டையைப் பார்த்து ஆபரேட்டர் எதை ஏற்றுவார்?

இப்போது இரண்டு விதி வைத்திருக்கிறேன். ஏறிய வேலை முடியாமல் இறங்காது. அடுத்த கட்டத்துக்கு எல்லாம் கைக்கு வந்திராத வேலை ஏறாது. முதலாளியும் ஒப்புக்கொண்டார்.

போன மாதம் அந்த முதல் விதியை நானே மீறினேன். ஒரு வாடிக்கையாளரிடம் ஓடிக்கொண்டிருந்த மோல்டில், பொருளின் உள்பக்கத்துக்கு வடிவம் கொடுக்கும் கோர் உடைந்து, அவர்கள் லைன் நின்றுவிட்டது. அண்ணனிடம் போய் நின்றேன். அவர் மெஷினில் இருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரஃப் முடிய ஒரு மணி நேரம் கொடுங்க சார். அப்புறம் பிளாக் ஓரத்துல ரெஃபரன்ஸ் குறிச்சிட்டு இறக்கறேன்" என்றார்.

கொடுத்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இறக்கப்பட்ட அந்த வேலையின் சொந்தக்காரருக்கு, எத்தனை மணி நேரம் தள்ளிப்போனது என்று நான் இன்னும் சொல்லவில்லை.