இரண்டு எழுத்துக்காக மூன்று தடவை பஸ் ஏறினேன்

பிள்ளை பிறந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. கர்ப்பத்தில் கக்குவான் இருமலுக்காகப் போடும் அந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஊசி இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அடுத்து யாராவது என்னைப்போல அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கர்ப்பத்தில் போடும் முதல் இரண்டு ஊசியில் ஒரு சிக்கலும் இல்லை. சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மா பதினொன்றாவது வாரத்தில் ஒன்றும், பதினாறாவது வாரத்தில் ஒன்றும் போட்டு அட்டையில் தேதி எழுதிவிட்டார். எல்லாரும் அதை ‘டிடி’ என்றுதான் சொல்கிறார்கள். நம் அம்மாக்கள் காலத்து டிடி ரண ஜன்னிக்கு மட்டும். 2019-இல் அதற்குப் பதிலாக வந்த ஊசியும் நம் வாயில் ‘டிடி’தான். ஆனால் இதில் தொண்டை அடைப்பானுக்கும் மருந்து சேர்ந்திருக்கிறது.

இருபத்தெட்டாவது வாரம் பாளையங்கோட்டையில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா இன்னொரு ஊசி எழுதினார்: டிடாப். ஏற்கெனவே இரண்டு போட்டாச்சே என்று கேட்டேன். அதில் கக்குவான் இருமலுக்கு ஒன்றும் கிடையாது, இதில் இருக்கிறது, டிடி போட்டிருந்தாலும் இதைப் போடலாம் என்றார். நோயாளிகள் வரிசையில் காத்திருந்தும் ஐந்து நிமிடம் பொறுமையாக விளக்கினார். அந்த விளக்கம்தான் என்னை அலைய வைத்தது.

பிள்ளைக்குக் கக்குவானுக்கான முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான், ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலண்ட் ஊசியிலேயே அதுவும் இருக்கிறது. அந்த ஆறு வாரமும் பச்சைப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு காப்பும் இல்லை. தாயிடமிருந்து வந்தால்தான் உண்டு. தாயின் இரத்தத்தில் நோயை எதிர்க்க இருக்கும் ஆன்டிபாடிகளில் ஐஜிஜி என்ற வகை மட்டும்தான் நஞ்சுக்கொடியைத் தாண்டும். அதுவும் சல்லடையில் ஒழுகுவதுபோல இல்லையாம். நஞ்சுக்கொடியின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதம் ஐஜிஜியின் வாலைப் பிடித்து, அக்கரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்ததை ஏற்றத் திரும்பி வருகிறது. தோணிக்காரன் மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். நாலாம் மாதமே தோணி ஓட ஆரம்பித்தாலும் அப்போது ஓட்டம் மெதுவு. கடைசி மூன்று மாதத்தில்தான் வேகம் பிடிக்கும். நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளையின் இரத்தத்தில் தாயைவிடவும் கூடுதலாகவே ஐஜிஜி இருக்குமாம்.

இருபத்தேழிலிருந்து முப்பத்தாறு வாரத்துக்குள் என்று கணக்கு வைத்திருப்பது இதற்காகத்தான். ஊசி போட்டுத் தாயின் உடம்பில் ஆன்டிபாடி பெருக இரண்டு வாரம் ஆகும். அப்புறம் அது அக்கரை போகவும் நாள் வேண்டும். பிரசவத்துக்கு முந்தின வாரம் போட்டால் சரக்கு தயார், ஏற்றிப்போகத்தான் நேரம் இருக்காது.

சரி, கதைக்கு வருகிறேன். அந்த டாக்டரம்மாவிடம் மருந்து இருப்பில் இல்லை, வெளியில் வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் பக்கத்துக் கடையில் சீட்டைக் கொடுத்தேன். பையன் உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தான். விலை நூறு ரூபாயைத் தாண்டவில்லை. ஆயிரத்துக்கு மேல் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாரே என்று அப்போதே உறுத்தியது. ஊசி போடப் போன இடத்தில் வயதான சிஸ்டர் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தாயி, இது டிடியில்லா? நீதான் ரெண்டு போட்டுட்டியே” என்றார். திரும்பக் கடைக்குப் போனால், “எல்லாம் ஒரே மருந்துதான் அக்கா” என்கிறான் அந்தப் பையன். ஒரே மருந்து இல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் டிடிக்கும் டிடாப்புக்கும் கடைசியில் வரும் ஏ, பி என்ற இரண்டு எழுத்துதான் வித்தியாசம். அந்த இரண்டு எழுத்துதான் கக்குவான். டப்பாவில் கக்குவானின் ஆங்கிலப் பெயரான ‘பெர்டுசிஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இரண்டாவது தடவை வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய கடையில் சொல்லிவைத்து, நாலு நாள் கழித்துப் போய் ஆயிரத்து ஐந்நூறு சொச்சம் கொடுத்து வாங்கினேன். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்ச். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஊர் வந்து சேர இருட்டிவிட்டது. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. அத்தைக்குப் பயம். எழுந்து போய் ஊசியை எடுத்து ஃப்ரீசரில், நெத்திலி மீன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். “அங்கனதானம்மா குளிர்ச்சி நிக்கும்” என்றார் காலையில். நல்ல எண்ணம்தான். என்ன சொல்ல முடியும்?

சிஸ்டரிடம் கொண்டுபோனேன். அவர் சிரிஞ்சை நன்றாகக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். சரியான மருந்து குலுக்கினால் ஒரே சீராக, பால் கலங்கலாக இருக்க வேண்டும். இதில் திரிந்த பால் மாதிரி துகள் துகளாக மிதந்தது, கொஞ்ச நேரத்தில் அடியில் போய் உட்கார்ந்தது. இந்த மருந்தில் அலுமினிய உப்பு இருக்கிறது, உறைந்தால் அது கட்டிப்பட்டு வீரியம் போய்விடும், திரும்ப உருக வைத்தாலும் சரியாகாது என்றார். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள்தான் வைக்க வேண்டுமாம். உறைந்து எழுந்த மருந்து சில சமயம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும் என்பதால், உறைந்தது தெரிந்தால் குலுக்கிப் பார்க்கக்கூட வேண்டாம், தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். போட்டுவிட்டேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

“சவத்த விடு, எங்க காலத்துல இதெல்லாம் யாரு போட்டா?” என்றார் அத்தை. அப்போது பேசியது ஆச்சிதான். அவரோடு பிறந்த ஒரு தம்பி கக்குவானில் போனவன். “மூணு மாசப் பிள்ள. இருமக்கூடத் தெம்பில்ல. மூச்ச நிறுத்திட்டு நீலமாப் போயிடும்” என்றார். பச்சைப்பிள்ளைக்கு அப்படித்தான் வருமாம். கக்குவானில் இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது வரும் அந்தக் ‘கூப்’ சத்தம்கூட வராமல் மூச்சு நின்று போகலாம் என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். அதற்கு அப்புறம் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பணத்தைக் கையில் கொடுத்தவரும் அவரேதான்.

மூன்றாவது தடவை புத்தியாக, மருந்தை அங்கேயே வைத்து அங்கேயே போடும் ஒரு மருத்துவமனைக்கு முதலில் போன் செய்து கேட்டுவிட்டுப் போனேன். முப்பத்திரண்டாவது வாரம். அரை மில்லி, மேற்கையில். ஐந்து நிமிட வேலை. ஃப்ளூ ஊசியையும் அன்றைக்கே அடுத்த கையில் போட்டார்கள். அது செத்த கிருமியில் செய்தது, பயமில்லை. அம்மை வகை உயிருள்ள ஊசிகளைத்தான் கர்ப்பத்தில் போடக்கூடாது. இரண்டு நாள் கை வலித்தது, அவ்வளவுதான்.

முப்பத்தெட்டாவது வாரம் பிள்ளை பிறந்தது. ஆக, தோணிக்கு ஆறு வாரம் கிடைத்தது. இதுவும் கரைகிற சொத்துதான், மாதம் ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். அதனால் பிள்ளையின் ஊசியைத் தள்ளிப்போட முடியாது. அடுத்த பிள்ளைக்கு இதே ஊசியைத் திரும்பவும் போட வேண்டும், என் உடம்பிலும் அளவு சீக்கிரம் இறங்கிவிடுகிறது.

நாற்பத்தைந்தாவது நாள் சுகாதார நிலையத்தில் பென்டாவேலண்ட் போட்டாயிற்று. டிடாப்பையும் என் அட்டையில் ஏற்றச் சொன்னேன். அதற்குக் கட்டம் இல்லையே என்றார் நர்சம்மா. ஓரத்திலாவது எழுதுங்கள் என்றேன். தேதியைப் போட்டு, பழக்கதோஷத்தில் டிடி என்று எழுதிக் கொடுத்தார். பேனாவை வாங்கி மீதி இரண்டு எழுத்தை நானே சேர்த்தேன்.